ஓட்ஸ் உப்புக் கஞ்சி பசையாகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் வீட்டுக்குள் ஓட்ஸ் வந்தது மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டின் வழியாகத்தான். அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரமே காலைப் பழைய சோற்றுக்கு விடை கொடுத்துவிட்டு, ஓட்ஸில் உப்புக் கஞ்சி வைக்கத் தொடங்கினேன். முதல் நாள் கஞ்சியைக் கரண்டியால் தூக்கிப் பார்த்த அத்தை, "ஏனம்மா, இதை வைத்துக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டலாம் போலிருக்கிறதே" என்றார். மன்னார்குடிப் பக்கத்து ஆட்களுக்குக் கஞ்சி வைக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஐந்தாறு அடுப்படிகளில் இதே குறையைப் பார்த்துவிட்டேன். எல்லாமே நொய்க்கஞ்சியை அருமையாக வைக்கிறவர்களின் வீடுகள்.

குறையின் வேர் அந்தக் கைப்பழக்கத்தில்தான் இருக்கிறது. நொய்யைக் களைகிறோம், தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுகிறோம், குழைய வேகவிடுகிறோம், நடுநடுவே கிண்டுகிறோம், கடைசியில் மத்தால் ஒரு கடை கடைகிறோம். இந்த ஐந்தில் எதைச் செய்தாலும் ஓட்ஸ் கெட்டுவிடும். கடையில் வாங்கும் ஓட்ஸ், ஆவியில் வெந்த பிறகு உருளையில் தட்டையாக்கப்பட்ட பொருள். அதை நொய் என்று நினைக்காமல் அவல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவலை யாரும் அரை மணி நேரம் வேகவைப்பதில்லை, மத்து வைத்துக் கடைவதும் இல்லை.

## ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சரியான கஞ்சி

உங்கள் கஞ்சி எந்த இடத்தில் தடம் மாறுகிறது என்று தெரிய, அளவு தெரிந்த ஒரு கஞ்சி கையில் இருக்க வேண்டும். கீழே உள்ளது இரண்டு பேருக்கு. அளவு டம்ளர் 200 மில்லி பிடிக்கும். ஓட்ஸையும் தண்ணீரையும் மோரையும் அதே டம்ளரால்தான் அளக்க வேண்டும். "மூன்று நிமிடத்தில் வேகும்" என்று உறையில் போட்டிருக்கும் மெல்லிய ரகத்துக்கான கணக்கு இது. மளிகைக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான்.

ஒரு டம்ளர் ஓட்ஸ், ஏறக்குறைய 70 கிராம் இருக்கும். அதை வெறும் வாணலியில் மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் வறுங்கள். நிறம் மாற வேண்டியதில்லை. பச்சை வாடை போய் வறுத்த வேர்க்கடலை போல ஒரு மணம் எழும்போது தட்டில் கொட்டி ஆறவிடுங்கள்.

அடிகனமான பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பத்துச் சின்ன வெங்காயம் என்று தாளித்துக்கொள்ளுங்கள். இரண்டரை டம்ளர் தண்ணீர் ஊற்றி முக்கால் தேக்கரண்டி உப்புப் போடுங்கள். கேரட், பீன்ஸ் சேர்ப்பதாக இருந்தால் இப்போதே போட்டு, அவை வெந்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது வறுத்த ஓட்ஸைத் தூவியபடி போடுங்கள். அடியிலிருந்து இரண்டு முறை புரட்டிவிட்டுக் கரண்டியை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். மிதமான தீயில் மூன்று நிமிடம். அடுப்பை அணைப்பதற்கு முன் இன்னொரு முறை புரட்டலாம், அவ்வளவுதான். மூடி போட்டு இரண்டு நிமிடம், திறந்து வைத்து ஐந்து நிமிடம். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கடைந்த மோர் ஒரு டம்ளர்.

ஆக ஒரு பங்கு ஓட்ஸுக்கு மொத்த நீர்மம் மூன்றரைப் பங்கு. மோர் பிடிக்காதவர்கள் மூன்றரை டம்ளரையும் தண்ணீராகவே வைக்கலாம். நிறைய பேர் தவறுகிற இடம் இதுதான்: மூன்றரை டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, அதற்கு மேல் மோரும் ஊற்றிவிட்டு, நீர்த்துப்போயிற்று என்று மறுநாள் தண்ணீரைப் பாதியாகக் குறைப்பார்கள். மறுநாள் கஞ்சி பசையாகும்.

அடுப்பை அணைக்கும் நேரத்தில் மோர்க் கஞ்சி கூட்டுப் பதத்திலும், மோர் சேராத கஞ்சி சாம்பார்ப் பதத்திலும் இருக்க வேண்டும். இரண்டிலும் செதில்கள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இனி, கஞ்சி எப்படி இருக்கிறது என்று சோதிக்கும் முறை. கரண்டியில் கொஞ்சம் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். தொப் தொப் என்று துண்டு துண்டாக விழுந்தால் நல்லது. அறுபடாமல் ஒரு தாரையாக இறங்கி, கடைசிச் சொட்டு கரண்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கி, மெல்ல மேலே சுருண்டுகொண்டால் அது பசை. சந்தேகம் தீரவில்லை என்றால் ஆறிய கஞ்சியில் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துப் பிரித்துப் பாருங்கள். வெண்டைக்காய் நறுக்கும்போது வருவதுபோல் நூல் நீண்டால் அடுத்த பகுதி உங்களுக்குத்தான்.

## அறிகுறி 1: அடுப்பில் இருக்கும்போதே நூல் விடுகிறது

### முதலில் கரண்டியைப் பாருங்கள்

செலவில்லாத காரணம், அடிக்கடி காணும் காரணமும் இதுவே. செதில் உடைய உடைய உள்ளே இருக்கும் மாவு நீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். அடிப்பிடிக்குமே என்ற பயத்தில் மூன்று நிமிடமும் விடாமல் கிண்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாளைக் காலை எதையும் மாற்றாமல், போட்டவுடன் இரண்டு முறை, அணைக்கும் முன் ஒரு முறை என்று மட்டும் புரட்டிப் பாருங்கள். மத்துக்கு வேலையே இல்லை. அடிப்பிடித்தால் தீயைக் குறையுங்கள், கரண்டியைக் கூட்டாதீர்கள்.

### தண்ணீர் கொதித்ததா?

பச்சைத் தண்ணீரில் ஓட்ஸைப் போட்டு அடுப்பேற்றினால், கொதி வருவதற்கு ஆகும் ஐந்தாறு நிமிடமும் அது ஊறிக்கொண்டும் கரைந்துகொண்டும் இருக்கும். பிறகு நீங்கள் எண்ணுகிற மூன்று நிமிடம் உண்மையில் ஒன்பது நிமிடம். அரிசி போலக் களைகிற பழக்கமும் இந்த வகைதான். மெல்லிய ஓட்ஸைக் களைந்தால் பாதி கையிலேயே கரைந்து வரும். தண்ணீரின் ஓரத்தில் குமிழி எழுவதைக் கொதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் புரண்டு கொதிக்க வேண்டும்.

### எது வேகக் காத்திருந்தீர்கள்?

எங்கள் தெருவில் நான் பார்த்த பாதிக் கஞ்சிகள் இதனால்தான் கெட்டன. ஓட்ஸையும் பீன்ஸையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, பீன்ஸ் வேகவில்லையே என்று பத்து நிமிடம் அடுப்பில் விடுவார்கள். பீன்ஸ் வெந்திருக்கும், ஓட்ஸ் போய்ச் சேர்ந்திருக்கும். சிறுபருப்பும் அப்படியே. நாகூர்ப் பக்கத்து நோன்புக் கஞ்சியின் ருசியில் ஓட்ஸைச் செய்ய ஆசைப்பட்ட ஒரு தோழி, பருப்பையும் ஓட்ஸையும் சேர்த்துக் குக்கரில் வைத்தார். திறந்தபோது களி. பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்து, கொதிக்கும் தண்ணீரில் கரைத்துவிட்டு, அதன் மேல் ஓட்ஸைத் தூவியபோது சரியாகிவிட்டது. பருப்புக் கரைந்த தண்ணீர் ஏற்கெனவே கெட்டியாக இருப்பதால் அரை டம்ளர் தண்ணீர் கூடுதலாக வேண்டும்.

முருங்கைக்கீரையை அடுப்பை அணைப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு போட்டால் போதும். வெண்டைக்காயை இந்தக் கஞ்சிக்குள் போடலாமா என்று கேட்டவரும் ஒருவர் உண்டு. வேண்டாம்.

### அளவைச் சரிபாருங்கள்

கண் அளவு இங்கே உதவாது, ஏனென்றால் போடும்போது தண்ணீர் எப்போதுமே அதிகமாகத்தான் தெரியும். கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் கெட்டிக் கஞ்சிக்கு ஒன்றுக்கு இரண்டரை, கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிட மூன்றரை, டம்ளரில் குடிக்க ஐந்து. அகலமான உருளியில் வைத்தால் ஆவியாகப் போவது கூடும், ஆகவே கால் டம்ளர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

### உறையின் அடியில் இருக்கும் தூள்

உறை புதிதாக இருந்தபோது நன்றாக வந்த கஞ்சி, தீரப்போகும் வாரத்தில் மட்டும் பசையாகிறதா? அடியில் தங்கிய தூள்தான் காரணம். ஒரு கைப்பிடியை மாவுச் சல்லடையில் போட்டுத் தட்டிப் பாருங்கள். இரண்டு தேக்கரண்டிக்கு மேல் தூள் இறங்கினால் முழுவதையும் சலித்துவிடுங்கள். தூளை எறிய வேண்டாம், அடை மாவில் கலந்துவிடலாம்.

### கடைசியாக ரகத்தை மாற்றுவது

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் நூல் நிற்கவில்லை என்றால் மட்டும் கையைக் காசில் வையுங்கள். மெல்லிய செதிலுக்குப் பதில் தடித்த முழுச் செதில் ஓட்ஸ் வாங்கலாம். மெல்லிய அவலுக்கும் கெட்டி அவலுக்கும் உள்ள வித்தியாசந்தான். அதற்கு ஒன்றுக்கு நான்கு தண்ணீர், ஏழு எட்டு நிமிடம். ஒரு நிமிடம் கூடக் குறைய ஆனாலும் பெரிதாகக் கெடாது என்பது இதன் வசதி.

அதற்கும் மேலே, தட்டையாக்காமல் நொய் போல உடைத்த ஓட்ஸ் உண்டு. விலை அதிகம், எல்லாக் கடையிலும் இருக்காது. ஒன்றுக்கு ஐந்து தண்ணீர், 25 முதல் 30 நிமிடம். நொய்க்கஞ்சிக் கைகளுக்கு உண்மையில் பழகின சரக்கு இதுதான், எங்கள் அத்தைக்கும் இதுவே பிடித்தது. ஆனால் நேரம் மிச்சமாகும் என்று குக்கரில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓட்ஸ் நுரைத்துப் பொங்கி ஆவித் துளையை அடைத்துவிடும். குக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட வேண்டும். விசில் வராமல் பக்கத்தில் ஆவி சீறினால் அடுப்பை அணைத்துவிட்டு அழுத்தம் இறங்கும்வரை தொடாதீர்கள். ஒரு முறை அடைத்துக்கொண்ட குக்கரின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கும் கடையில் காட்டிவிட்டுத்தான் மறுபடி அடுப்பேற்ற வேண்டும்.

### இன்றைக்கு வைத்த பசையை என்ன செய்வது?

திருத்த முடியாது. வெந்நீர் ஊற்றினால் நீர்த்த பசை கிடைக்கும். இரண்டு கைப்பிடி அரிசி மாவும் ஒரு கைப்பிடி ரவையும் நறுக்கிய வெங்காயமும் கலந்து கல்லில் அடையாகத் தட்டிவிடுங்கள். நன்றாகவே இருக்கும். எங்கள் வீட்டில் முதல் பத்து நாள் அடைதான்.

## அறிகுறி 2: இறக்கும்போது சரி, சாப்பிடும்போது கட்டி

இது வேறு குறை, முதல் அறிகுறியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே நூல் இருக்காது. கரண்டியை நட்டால் நிற்கும், வெட்டினால் துண்டாக வரும். ஆறும்போது ஓட்ஸ் இறுகும், அதை யாரும் தடுக்க முடியாது. முன்கூட்டியே இடம் விட்டு வைக்கத்தான் முடியும்.

எளிய காரணம், சாப்பிடும் பதத்திலேயே இறக்கியது. ஒரு கிண்ணத்தில் ஊற்றி மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு தளர்வாக நாளை இறக்க வேண்டும். தளர்த்துவதற்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கட்டிகள் தனியாக மிதக்கும். கால் டம்ளர் கொதிக்கும் நீரை ஓரத்தில் விட்டு இரண்டு நிமிடம் ஊறவைத்துப் பிறகு புரட்டினால் கலந்துவிடும்.

இதில் எனக்கு அதிக வேலை வைத்தது அப்பாவின் தூக்குவாளி. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால், தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்த நாளிலிருந்து குறுவை நடவு முடியும்வரை அவர் வீட்டில் காலைச் சாப்பாடு சாப்பிடுவதில்லை. ஏழு மணிக்குக் கஞ்சியைத் தூக்கில் ஊற்றி அனுப்பினால் ஒன்பதரைக்கு வரப்பில் உட்கார்ந்து திறப்பார். முதல் நாள் வழக்கமான மூன்றரைக் கணக்கில் வைத்தேன். தூக்கைக் கவிழ்த்தும் கஞ்சி விழவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்து காட்டினார்.

மறுநாள் தண்ணீரை ஐந்தாக்கினேன். விழுந்தது, ஆனால் களி மாதிரி. மூன்றாம் நாள் ஆறு. இப்போது பதம் பரவாயில்லை, ருசி போய்விட்டது. உப்பும் தாளிப்பும் அந்தத் தண்ணீரில் எங்கேயோ காணாமல் போயிருந்தன. மேலும், செதில் எதுவும் மிஞ்சவில்லை. அப்போதுதான் உறைத்தது, தண்ணீர் மட்டும் காரணமில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடியை அழுத்தி விட்டதால், தூக்குக்குள்ளேயே அது அரை மணி நேரம் வெந்துகொண்டிருந்திருக்கிறது.

நான்காம் நாள் தண்ணீரை மூன்றாகக் குறைத்தேன். அடுப்பில் மூன்று நிமிடத்துக்குப் பதில் இரண்டு. இறக்கியதும் அகலத் தட்டில் கொட்டிப் பத்து நிமிடம் ஆறவிட்டேன். சூடு தணிந்து வெதுவெதுப்பானதும் தூக்கில் மாற்றினேன். இரண்டு டம்ளர் மோரில் கொஞ்சம் உப்பும் பெருங்காயமும் கலந்து தனியாக ஒரு பாட்டிலில் கொடுத்துவிட்டு, "சாப்பிடும்போது ஊற்றி மூன்று புரட்டு, அதற்கு மேல் வேண்டாம் அப்பா" என்று சொல்லி அனுப்பினேன். மொத்தக் கணக்கு ஒன்றுக்கு ஐந்துதான், இரண்டாம் நாள் தோற்ற அதே ஐந்து. ஆனால் மூன்று பங்கு மட்டுமே சூட்டில் இருந்தது, இரண்டு பங்கு கடைசியில் சேர்ந்தது. அன்று தூக்கு கழுவியது போலத் திரும்பியது. மோர் மிளகாய் நான்கு வைத்திருந்தேன், அதற்கும் அதில் கொஞ்சம் பங்கு இருக்கலாம்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. ஒன்பதரை, பத்து மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வெயில் காலத்தில் இந்தக் கஞ்சி மதியம்வரை தாங்காது. நேரம் சொல்ல முடியாத நாட்களில், வறுத்த ஓட்ஸைத் தாளிப்போடு கலந்து உலர்வாகத் தூக்கில் போட்டு, பிளாஸ்கில் கொதிநீர் கொடுத்துவிடுகிறேன். ஒன்றுக்கு மூன்று ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் மெல்லிய ரகம் சாப்பிடும் அளவுக்கு ஊறிவிடும்.

## அறிகுறி 3: வெளியே கொழகொழ, உள்ளே வெள்ளை மாவு

கட்டியை நசுக்கினால் நடுவில் உலர்ந்த மாவு தெரிகிறதா? ஓட்ஸை ஒரே குவியலாகக் கொட்டியிருக்கிறீர்கள், அல்லது கொட்டியதும் கொதி அடங்கிப்போகும் அளவுக்குப் பாத்திரம் சிறியது. இடது கையால் தூவிக்கொண்டே வலது கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். இரண்டு டம்ளருக்கு மேல் ஓட்ஸ் போடும்போது இரண்டு தவணையாகப் போடுங்கள். வறுத்த ஓட்ஸ் அவ்வளவு சுலபமாகக் கட்டி கட்டாது என்பதால், வறுப்பதைத் தவிர்க்கிறவர்கள் முதலில் அதைச் செய்து பார்க்கலாம்.

## அறிகுறி 4: மோர் ஊற்றியதும் கெட்டது

இதில் இரண்டு கிளைகள்.

### வெள்ளைத் திப்பிகளும் தண்ணீருமாகப் பிரிகிறது

கஞ்சி சூடாக இருந்தபோது மோர் விட்டிருக்கிறீர்கள், அல்லது விட்ட பிறகு மறுபடி அடுப்பேற்றியிருக்கிறீர்கள். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணும்வரை பொறுக்க முடிந்தால் மோர் விடலாம். அவசரமென்றால் மோரில் இரண்டு கரண்டிக் கஞ்சியை முதலில் கலந்து வெதுவெதுப்பாக்கி, பிறகு அதைக் கஞ்சியில் ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் தயிர் மதியத்துக்குள் புளித்துவிடும். புளித்த மோர் இன்னும் சீக்கிரம் திரியும், ஆகவே அந்த நாட்களில் கஞ்சி நன்றாக ஆற வேண்டும். திரிந்த கஞ்சியைச் சாப்பிடுவதால் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் சகிக்காது.

### திரியவில்லை, வழுவழுவென்று நீள்கிறது

மோர் மேல் தவறில்லை. கஞ்சி ஏற்கெனவே நூல் விடும் நிலையில் இருந்தது, கெட்டியாக இருந்ததால் தெரியவில்லை. மோர் அதை நீர்க்கவைத்துக் காட்டிக்கொடுத்துவிட்டது. அறிகுறி 1-க்குத் திரும்பிப் போங்கள். மோர் விடும் முன் கரண்டிச் சோதனை செய்தால் இது முதலிலேயே தெரிந்துவிடும்.

## அறிகுறி 5: தண்ணீர் மேலே, ஓட்ஸ் கீழே

பசைக்குப் பயந்து எதிர்ப்பக்கம் போய்விட்டவர்களுக்கு வருவது. பெரும்பாலும் மூடி போட்டு இரண்டு மூன்று நிமிடம் விட்டாலே சேர்ந்துகொள்ளும். அப்படியும் சேரவில்லை என்றால், தடித்த ரகத்தை வாங்கிவிட்டு மெல்லிய ரகத்தின் மூன்று நிமிடக் கணக்கில் இறக்கியிருப்பீர்கள். உறையைப் படித்துப் பாருங்கள்.

ரகமும் சரி, நேரமும் சரி, ஆனாலும் வேகவில்லை என்றால் அடுப்பைச் சந்தேகிக்கலாம். இரண்டரை டம்ளர் தண்ணீர் கொதிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறதா, தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிகிறதா, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறதா என்று பாருங்கள். பர்னரைக் கழற்றி, துளைகளை ஊசியால் குத்தி, கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். பொங்கி வழிந்த கஞ்சி காய்ந்து துளையை அடைத்திருப்பதுதான் வழக்கம். அதன் பிறகும் மஞ்சள் தீ மாறவில்லை என்றால் அடுப்பு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், உள்ளே ஜெட்டை நீங்களே நோண்ட வேண்டாம். கேஸ் வாசனை வந்தால் கஞ்சியை மறந்துவிட்டு ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, மின் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

## அறிகுறி 6: பதம் நன்றாக இருக்கிறது, கசக்கிறது

ஒரு சிட்டிகை பச்சை ஓட்ஸை வாயில் போட்டு மெல்லுங்கள். பழைய எண்ணெய் வாடையோடு நாக்கின் பின்பக்கம் கசந்தால் சரக்கு காறிவிட்டது. ஓட்ஸில் அரிசியைவிடக் கொழுப்பு அதிகம், காற்றும் ஈரமும் பட்டால் வைத்த இடத்திலேயே கெடும். வறுத்தாலும் தாளித்தாலும் அது போகாது. உறை இப்போதுதான் பிரித்தது என்றால் ரசீதோடு கடையில் திருப்பிக் கொடுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் பெரிய உறை வாங்குவதை நான் நிறுத்திவிடுவேன். அரைக் கிலோ வாங்கி எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வைத்தால் தீரும்வரை தாங்குகிறது. பச்சை ஓட்ஸ் கசக்காமல் கஞ்சி மட்டும் கசந்தால், வறுக்கும்போது தீய்ந்திருக்கிறது. உப்புக் கரித்தால் போர்த் தண்ணீரை ருசித்துப் பாருங்கள். கடலோர ஊர்களில் தண்ணீரிலேயே உப்பு இருக்கும், பாதி உப்புப் போட்டால் போதும்.

## அடுப்படியில் தீராதவை

சர்க்கரைக்காக ஓட்ஸ் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெல்லிய ரகமாக இருக்க இருக்க, குழைய வேகவேக, சாப்பிட்ட பிறகு சர்க்கரை வேகமாக ஏறும். ஆகவே தடித்த ரகத்துக்கு மாறுவது நாக்குக்காக மட்டும் அல்ல. ஆனால் கஞ்சியை மாற்றிய கையோடு மாத்திரையை நீங்களே கூட்டவோ குறைக்கவோ கூடாது. இரண்டு வாரம் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பார்த்த அளவுகளை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சொன்னவர்கள் சாதாரண ஓட்ஸையும் அவரைக் கேட்காமல் தொட வேண்டாம், ஆலையில் இரண்டும் கலந்துவிடும்.

பக்கவாதம் வந்து தேறியவருக்கோ, சாப்பிடும்போது அடிக்கடி இருமிப் புரையேறும் முதியவருக்கோ கஞ்சி வைக்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன அளவுகள் எதையும் பின்பற்றாதீர்கள். அவர்களுக்கு நீர்த்த கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம், பசை தொண்டையில் ஒட்டிக்கொள்ளலாம். எந்தப் பதம் பாதுகாப்பு என்பதை, விழுங்குவதைச் சோதித்துப் பார்த்து மருத்துவரோ பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளரோதான் சொல்ல முடியும். அவர் சொன்ன பதத்தில் ஒரு கரண்டி வைத்துக் காட்டச் சொல்லி, கண்ணால் பார்த்துக்கொண்டு வந்து, அதற்கு எத்தனை டம்ளர் தண்ணீர் பிடிக்கிறது என்று வீட்டில் அளந்து அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வேறு யார் சமைத்தாலும் அதே கணக்கு இருக்கும்.